அறுபது பேரல்ல, நான்கு பேர் போதும்

கல்லூரியிலிருந்து கம்பெனிக்குப் போகும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். கல்லூரி எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை ஏக்கர், என்னென்ன விருது என்று முக்கால் பக்கம் ஓடும். கடைசி இரண்டு வரியில், ‘எங்கள் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் வாய்ப்பளித்து, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுகிறோம்’ என்று முடியும். எத்தனை மாணவர்கள், எந்த மாதம், என்ன வேலை என்ற விவரம் எதுவும் இருக்காது. மனிதவள அதிகாரி அதை ஃபைலில் போட்டுவிடுவார்.

பொறியியல் கல்லூரிகளுக்கு இன்டர்ன்ஷிப் இன்று விருப்பப் பாடம் போல ஒதுக்கக்கூடியதல்ல. ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட கொள்கை, பட்டப்படிப்புக்குள் 14 முதல் 20 கிரெடிட் வரை இதற்காக ஒதுக்கச் சொல்கிறது. ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 40 முதல் 45 மணி நேர வேலை. ஆண்டுதோறும் இடம் தேடி அலைவதைவிட, சில கம்பெனிகளோடு நிரந்தர ஏற்பாடு இருந்தால் நல்லது என்று பிளேஸ்மென்ட் அதிகாரிகள் நினைப்பது இதனால்தான்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதலாம்? கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்றுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் முதல் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கலாம்: ‘மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேரை, ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதத்தில் நான்கு வாரம் தங்கள் மெஷின் ஷாப்பிலும் பம்ப் டெஸ்டிங் பிரிவிலும் பயிற்சிக்கு அனுப்ப விரும்புகிறோம். முதலில் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடலாம்.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு. வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் நான்கு வாரத்தில் 192 மணி நேரம். நான்கு கிரெடிட்டுக்குத் தாராளமாகப் போதும். கோடை என்பது பம்ப் விற்பனை சூடுபிடிக்கும் காலம். ஏப்ரலில் மாணவர்களை அனுப்பினால் சூப்பர்வைசருக்கு அவர்களைத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. மழை தொடங்கும் ஜூனில் கொஞ்சம் மூச்சு விடலாம். அறுபது பேரை ஒன்றாக அனுப்பினால் அது தொழிற்சாலைச் சுற்றுலாவாகத்தான் முடியும். நான்கு பேர் என்றால் ஒரு சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுக்க முடியும்.

கடிதத்தின் இரண்டாம் பத்தி கம்பெனியின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பயம்தான். பையன் லேத்தில் கையை விட்டுவிட்டால் யார் பொறுப்பு? இம்பெல்லர் டிராயிங்கை போனில் படம் எடுத்து வெளியே அனுப்பிவிட்டால்? பாதியில் வராமல் நின்றுவிட்டால்? நான்கு பேருக்கும் கல்லூரியே விபத்துக் காப்பீடு எடுத்துத் தரும். ரகசியக் காப்பு உறுதிமொழியில் ஒவ்வொருவரும் கையெழுத்திடுவார்கள். ஒரு பேராசிரியர் வாரம் ஒருமுறை நேரில் வருவார். வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தத் தரப்பும் 30 நாள் அறிவிப்புடன் விலகலாம். இவ்வளவையும் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டால், கடிதம் மனிதவள அதிகாரியின் மேசையைத் தாண்டி மேலே போகும்.

உதவித்தொகையைப் பற்றி மௌனமாக இருப்பது தவறு. தர முடியாத கம்பெனியிடம் மதிய உணவையும் பேருந்து வசதியையுமாவது கேட்கலாம். சூலூர்ப் பக்கத்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவன் குறிச்சி சிட்கோவுக்கு ஒரு மாதம் தினமும் போய்வர ஆகும் செலவு, அவன் வீட்டுக்குச் சின்னத் தொகை அல்ல.

கையெழுத்து ஆன பிறகுதான் பல ஒப்பந்தங்கள் செத்துப்போகின்றன. பூங்கொத்து, புகைப்படம், நாளிதழில் ஒரு செய்தி. கையெழுத்திட்ட அதிகாரி ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவருக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது. அதனால் ஒப்பந்தத்தில் ஆளின் பெயரோடு நிறுத்தாமல், ‘உற்பத்திப் பிரிவு மேலாளர்’ என்று பதவியையும் குறிப்பிட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் மாணவர் பட்டியல், மே முதல் வாரத்தில் கம்பெனியின் ஒப்புதல் என்று தேதிகளும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். நாக் மதிப்பீட்டுக் கையேடுகளும் செயல்பாட்டில் இருக்கும் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் கேட்கின்றன. அதன்கீழ் ஆண்டுவாரியாக என்ன நடந்தது என்று காட்ட வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கக் கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர் சுவரில் மாட்டிய ஒப்பந்தப் படங்களை எண்ண வேண்டாம். போன ஜூனில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை பேர் போனார்கள், அங்கே என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அப்படிப் போய்வந்த மாணவர் ஒருவரிடமே கேளுங்கள்.