டிசம்பரில் சேரும் மாணவன்

மாதச் சந்தா 600 ரூபாய் வாங்கும் ஒரு டியூஷன் ஆப்பைக் கற்பனை செய்துகொள்வோம். ஆசிரியர், சர்வர், வரி எல்லாம் போக ஒரு மாணவனிடம் மாதம் 300 ரூபாய் மிஞ்சுகிறது. மாதந்தோறும் பத்தில் ஒருவர் விலகினால், ஒருவர் சராசரியாகப் பத்து மாதம் இருப்பார். ஆக, அவரால் கிடைக்கும் மொத்த வரவு 3,000 ரூபாய்.

அவரைப் பிடிக்க ஆன செலவு? பலர் விளம்பரக் காசை மட்டும் கணக்கில் எழுதுகிறார்கள். பெற்றோரைத் திரும்பத் திரும்ப அழைக்கும் டெலிகாலர் சம்பளம், கமிஷன், இலவச வகுப்பு எல்லாம் சேரவேண்டும். அப்படி 10 லட்சம் செலவழித்து 500 பேர் சேர்ந்தால், தலைக்கு 2,000 ரூபாய். அது திரும்பிவரவே ஏழு மாதம் ஆகும். செலவைப்போல மூன்று மடங்கு வரவு வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் அளவுகோல். இங்கே ஒன்றரை மடங்குதான்.

சிக்கல் அந்தச் சராசரியில்தான் ஒளிந்திருக்கிறது. டியூஷனுக்கு மார்ச் என்றொரு முடிவு உண்டு. ஜூனில் சேர்ந்தவர் பரீட்சைவரை இருந்தால் 3,000 தருவார். பரீட்சைப் பயத்தில் டிசம்பரில் சேரும் பிளஸ் டூ மாணவன் நான்கே மாதத்தில் 1,200 தந்துவிட்டுப் போய்விடுவான். அவனால் 800 நஷ்டம். ஆனால் விற்பனைப் பிரிவு கொண்டாடுவது டிசம்பரைத்தான்!

சேர்ந்த மாதம், வகுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அந்த விளம்பரக் காசை ஜூனில், ஒன்பதாம் வகுப்புக்குச் செலவிடுவதே சரி.