ஒரு டிக்கெட்டுக்கு ஒரு விலை, நாலுக்கு வேறு விலையா?

மும்பை தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அப்பாவை வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம். மகளுக்கு ஞாயிறு காலை மதுரையில் முகூர்த்தம். மனைவியும் மகளும் முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். இவர் போட்ட ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. வியாழன் இரவு செல்போனில் விமான டிக்கெட் தேடுகிறார். சனிக்கிழமை விமானத்தில் 6,400 ரூபாய் என்று காட்டுகிறது. (புரிந்துகொள்ள வசதியாக நாம் வைத்துக்கொண்ட எண்கள் இவை.)

பணம் கட்டப் போகும்போது மச்சானிடமிருந்து போன். "அத்தான், எங்க டிக்கெட்டும் கன்ஃபர்ம் ஆகல. எங்க மூணு பேருக்கும் சேத்துப் போட்டுருங்க." தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? நாலு பேர் என்று மாற்றித் தேடினார். ஆளுக்கு 9,200 ரூபாய். மொத்தம் 36,800. பத்து நிமிடத்துக்குள் தலைக்கு 2,800 ரூபாய் ஏறிவிட்டது.

"நமக்கு அவசரம்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றுதான் நமக்கும் தோன்றும். நடந்தது அதுவல்ல.

விமானத்தில் எகானமி இருக்கைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தாலும், கம்பெனி அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். கீழ்ப்படியில் சில இருக்கைகள், அதற்கு மேல் சில என்று போகும். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை வரும். அந்த நேரத்தில் 6,400 ரூபாய்ப் படியில் மிச்சம் இருந்தவை இரண்டே இருக்கைகள். ஒருவருக்குத் தேடியபோது அந்த விலை கிடைத்தது. நாலு பேரை ஒரே டிக்கெட்டில் கேட்டால், நாலு இருக்கைகளும் சேர்ந்து கிடைக்கிற படியைத்தான் பெரும்பாலான தளங்கள் தேடும். அது 9,200 ரூபாய்ப் படி. மலிவான அந்த இரண்டு இருக்கைகளும் அங்கேயேதான் இருக்கின்றன, ஆனால் திரையில் தெரியாது.

அதனால் முதலில் இரண்டு பேருக்குத் தனியாகப் போட்டால் 12,800. மற்ற இருவருக்கு 18,400. மொத்தம் 31,200. அதே விமானம், அதே நாலு பேர், 5,600 ரூபாய் மிச்சம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இப்படிப் பிரித்துப் போட்டால் இரண்டு பி.என்.ஆர். வரும். விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றினால், நாலு பேரும் ஒரே குடும்பம் என்று கம்பெனிக்குத் தெரியாது. ஆளுக்கொரு விமானமாகப் பிரிந்துபோகலாம். சிறு பிள்ளையைப் பெற்றவரோடு ஒரே டிக்கெட்டில் வைத்துவிட வேண்டும். முதல் டிக்கெட் போட்ட கையோடு இரண்டாவதையும் போட்டுவிட வேண்டும். இடையில் அடுத்த படியும் தீர்ந்துவிட்டால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

கடைசி நாட்களில் விலை ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மலிவுப் படிகளைப் புறப்படுவதற்கு இத்தனை நாள் முன்பே மூடிவிடுவார்கள். கடைசி நேரத்தில் வருபவர் பெரும்பாலும் போயே ஆகவேண்டியவர், விலை கூடினாலும் வாங்குவார் என்பது கம்பெனியின் கணக்கு. வேலை விஷயமாகப் பறப்பவர்களை நினைத்துப் போட்ட அந்தக் கணக்கில் கல்யாண வீட்டு அப்பாவும் மாட்டிக்கொள்கிறார். விமானம் பாதி காலியாக இருந்தும் விலை இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி ஏற்றுவது சட்டத்துக்கு விரோதமா என்றால், இல்லை. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 135-ஆவது விதிப்படி, நியாயமான கட்டணத்தை விமானக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டது.

பணம் கட்டும் பக்கத்தில் "கட்டணம் மாறிவிட்டது" என்று வருவது வேறு வகை. பல டிக்கெட் தளங்கள் சற்று முன்பு எடுத்துவைத்த விலையைப் பட்டியலில் காட்டுகின்றன. பணம் கட்டும்போதுதான் கம்பெனியிடம் அப்போதைய விலையைக் கேட்கின்றன. உங்களைக் குறிவைத்து ஏற்றினார்களா என்று சந்தேகம் வந்தால், ஊரில் இருக்கும் ஒருவரை அவர் போனில் அதே விமானத்தை, அதே எண்ணிக்கையில், கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடச் சொல்லுங்கள். அங்கும் அதே விலை என்றால் ஏறியது எல்லோருக்கும்தான்.

எனவே குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் ஒருவருக்கு என்று தேடுங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு. எந்த எண்ணிக்கையில் விலை தாவுகிறதோ, அதற்கு முந்தைய எண்ணிக்கை வரை மலிவு இருக்கைகள் இருக்கின்றன என்று பொருள். அதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.