எந்தப் பட்டை மேலே வர வேண்டும்?

ஒரு நூற்பாலை தன் கூரையில் 1 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 4 கோடி ரூபாய். ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் கிடைக்கும், யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சமாகும், பராமரிப்புக்கு 10 லட்சம் போகும். 25 ஆண்டுக்கும் இதே நிலை என்று எடுத்துக்கொண்டு, அந்த வரவை 11 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால், சுமார் 2.74 கோடி மிஞ்சுகிறது.

இந்த 2.74-ஐ எவ்வளவு நம்பலாம்? கணக்கு அதிகாரி எக்செல் தாளைத் திரையில் போட்டால் ஸ்பின்னிங் மாஸ்டரும் மின் பொறியாளரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். டொர்னேடோ சார்ட் அவர்களைப் பேச வைக்கும். நடுவில் 2.74 என்று ஒரு செங்குத்துக் கோடு. ஒவ்வொரு அனுமானத்துக்கும் ஒரு பட்டை. மற்றவற்றைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் குறைத்தும் கூட்டியும் பார்க்கும்போது இறுதித் தொகை எங்கிருந்து எங்கு வரை நகர்கிறதோ, அதுதான் பட்டையின் நீளம். நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கினால் சுழற்காற்றின் உருவம் வந்துவிடும்.

படம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வசதிக்காக எல்லா அனுமானங்களையும் ஒரே மாதிரி 10 சதவீதம் கூட்டிக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இந்த நூற்பாலையில் மின்கட்டண மிச்சமும் மின் உற்பத்தியும் அச்சு அசலாக ஒரே நீளத்தில் நிற்கும்: இரண்டும் 1.98 கோடியிலிருந்து 3.50 கோடி வரை. ஒன்றோடொன்று பெருக்கப்படும் எண்கள் என்பதால் வேறு மாதிரி வரவே வராது. பார்ப்பவர்களோ இரண்டிலும் ஆபத்து சமம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையான வரம்பு அந்தந்த வேலை தெரிந்தவர்களிடம்தான் இருக்கிறது. மேகமும் தூசியும் பார்த்த மின் பொறியாளர் உற்பத்தி 14 முதல் 16 லட்சம் யூனிட்டுக்குள் இருக்கும் என்கிறார். கட்டண மிச்சம் 5 ரூபாயாகவும் இறங்கலாம், 7 ரூபாயாகவும் ஏறலாம். இப்போது கட்டணப் பட்டை 1.47 முதல் 4 கோடி வரை விரிகிறது. உற்பத்திப் பட்டை 2.23 முதல் 3.24-க்குள் சுருங்குகிறது. கூட்டத்தில் எதைப் பேச வேண்டும் என்பது இனி யாருக்கும் தெரியும்.

பட்டையின் முனைகளில் சதவீதம் எழுதாமல் ‘5 ரூபாய்’, ‘7 ரூபாய்’ என்றே எழுத வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. பராமரிப்புச் செலவு கூடினால் லாபம் குறையும். ஆகவே ‘கூடியது’, ‘குறைந்தது’ என்று நிறம் பிரித்தால் குழப்பம்தான். லாபத்துக்கு நல்லது ஒரு நிறம், கெட்டது ஒரு நிறம் என்பதே தெளிவு.

ஒரு பட்டை ஒரு மாற்றத்தை மட்டுமே காட்டும். கட்டண மிச்சம் 5 ரூபாய், உற்பத்தி 14 லட்சம், செலவு 4.4 கோடி என்று மூன்றும் ஒன்றாகக் கெட்டால் மிஞ்சுவது சுமார் 65 லட்சம்தான். இதை எந்தப் பட்டையும் சொல்லாது. படத்தின் அடியில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். யூனிட் மிச்சம் சுமார் 3.83 ரூபாய்க்குக் கீழே போனால் திட்டம் நஷ்டம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.