நாக்கடியில் வைக்கும் முன்

சனிக்கிழமை இரவு டடலாஃபில் மாத்திரை போட்டுக்கொண்ட அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு ஞாயிறு காலை நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பதறிப்போய் அலமாரியில் இருக்கும் சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைக்கிறார்கள். சில நிமிடங்களில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டுகிறது, அப்படியே சரிகிறார்.

சார்பிட்ரேட் ஒரு நைட்ரேட் மருந்து. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருளை உடலில் பெருக்குகிறது. விறைப்பு மாத்திரையோ அதே பொருள் சிதையாமல் தடுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, சாக்கடையையும் அடைத்தது போலத்தான். குழாய்கள் எல்லாம் விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. ஏற்கெனவே தவிக்கும் இதயத்துக்கே ரத்தம் குறைகிறது.

சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரமும், டடலாஃபில் போட்டால் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. நைட்ரேட்டை வழக்கமாக எடுப்பவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர்களுக்கு இத்தனை கண்டிப்பான தடை இல்லை. அந்த மருந்து உடலுக்குப் பழகி அழுத்தம் நிலையான பிறகு, சில்டெனாஃபிலை 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மயங்கியவரைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது தெரிந்தால் டாக்டர் நைட்ரேட்டைத் தவிர்த்து வேறு மருந்து தருவார்.