சாயச்சாலைக்கு ஒரு சாசனம்

“சங்கத்திற்குப் பொதுச் சாயச்சாலை ஒன்று அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” தீர்மானப் புத்தகத்தில் இவ்வாறு ஒரு வரி ஏறியதும் வேலை தொடங்கிவிட்டதாகவே நாம் எண்ணிக் கொள்கிறோம். ஆனால் அவ்வேலையை யார் நடத்துவது, எதுவரை செய்தால் அது முடிந்ததாகும், இடையில் சிக்கல் நேர்ந்தால் யார் முடிவு கூறுவது என்பவை அந்த வரியில் இல்லை. இவற்றை ஓரிரு பக்கங்களில் எழுதிக் கையொப்பமிட்டு வெளியிடும் பத்திரத்திற்குத் திட்ட சாசனம் என்று பெயர். 1969இல் அமெரிக்காவில் தோன்றிய திட்ட மேலாண்மை நிறுவனம் தன் கையேட்டில் இதன் தன்மையைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. திட்டம் ஒன்று உண்டு என்பதை முறைப்படி ஏற்பதும், நிறுவனத்தின் ஆட்களையும் பொருளையும் பயன்படுத்தும் அதிகாரத்தைத் திட்ட மேலாளருக்குத் தருவதுமே இதன் வேலை. ஆகவே சாசனத்தை மேலாளரே எழுதித் தரலாம். ஆனால் அதில் கையொப்பமிட்டு வெளியிட வேண்டியவர் அதிகாரம் தருபவரே. தனக்குத் தானே அதிகாரம் எழுதிக் கொள்வது சாசனம் ஆகாது.

முந்நூறு கைத்தறிகள் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கத்தினர்களுக்குச் சாய நூல் வெளியூர்ச் சாயப்பட்டறையிலிருந்து வருகிறது. கேட்ட நாளிலிருந்து பதினைந்து நாள் கழித்தே நூல் கைக்கு வரும். அதுவரை தறி சும்மா கிடக்கும். அன்றியும், முதல் தவணையில் வந்த நீலமும் மறு தவணையில் வந்த நீலமும் ஒத்திராமையால் சேலைகள் கழிவுக்குப் போகின்றன. இச்சங்கம் சாயச்சாலை வைக்க முற்படுகிறது.

சாசனத்தின் முதற்பகுதி நோக்கம். “அங்கத்தினர் நலனுக்காக நவீன சாயச்சாலை அமைத்தல்” என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் வேலை முடிந்த பிறகு அது நிறைவேறிற்றா என்று எவராலும் சொல்ல முடியாது. “நாளொன்றுக்கு 150 கிலோ பருத்தி நூலுக்குச் சாயமேற்றுதல், கேட்ட ஐந்தாம் நாள் நூல் அங்கத்தினர் கையில் இருத்தல், ஒரே நிறத்தின் இரு தவணைகள் மாதிரி அட்டையோடு ஒத்திருத்தல்” என்று எழுதினால் கணக்குப் பார்க்கலாம்.

அடுத்தது புரவலர் பெயர். பணம் சங்கத்தினுடையது, தீர்மானம் நிர்வாகக் குழுவினுடையது என்பதால், “நிர்வாகக் குழு” என்றே எழுதிவிடும் வழக்கம் உண்டு. இது போதாது. குழு மாதம் ஒரு முறை கூடுவது. மேலாளருக்கோ இன்று மாலையே ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஆகையால் தலைவரையோ இயக்குநர் ஒருவரையோ குழு பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

எல்லை என்னும் பகுதியில்தான் பெரும்பாலான சாசனங்கள் தவறுகின்றன. உள்ளே வருபவற்றை எழுதுகிறார்கள். வெளியே நிற்பவற்றை எழுதுவதில்லை. நம் சங்கத்தின் சாசனம் கொட்டகை, சாயத் தொட்டிகள், கொதிகலன், உலர்த்தும் இடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை உள்ளே என்றும், பட்டுநூல் சாயம், வெளியாருக்குக் கூலிச் சாயம், விற்பனைக் கூடம், பழைய நூல் கிடங்கின் பழுது ஆகியவை வெளியே என்றும் சொல்கிறது. சுவர் எழும்பும் வேளையில் ஓர் இயக்குநர் வந்து, “கொத்தனார் இருக்கும்போதே கிழக்கே ஒரு விற்பனைக் கூடமும் கட்டிவிட்டால் என்ன?” என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆயினும் மேலாளர் அவரோடு வாதாட வேண்டுவதில்லை. சாசனத்தைக் காட்டி, புரவலர் எழுத்து மூலம் மாற்றினால் செய்வதாகச் சொன்னால் போதும்.

கழிவுநீர் உள்ளே என்று எழுதியதற்குத் தனிக் காரணம் உண்டு. சாயச்சாலையை ஒரு வேலையாகவும் அதன் கழிவுநீரைப் பிறகு பார்த்துக்கொள்ளும் மற்றொரு வேலையாகவும் பிரித்ததன் விளைவை நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தங்கள் வயலில் கண்டார்கள். அவர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில், கழிவுநீரை அறவே வெளியே விடாத நிலையை எய்தும் வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நெய்பவரும் பயிரிடுபவரும் ஒரே சங்க இதழைப் படிக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மைல்கற்கள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். மைல்கல் என்பது செய்யும் வேலை அன்று, ஒரு நிலை. “கட்டட வேலை நடத்துதல்” மைல்கல் ஆகாது. “கொட்டகைக்குக் கூரை போட்டு முடிந்தது” என்பது மைல்கல். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறலாம். இங்கே முதல் மைல்கல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவுவதற்குத் தரும் இசைவாணை. அது வராமல் அடிக்கல் நாட்டலாகாது. அடுத்தவை ஆடி முடிவில் கூரை, ஆவணியில் தொட்டிகளும் கொதிகலனும், புரட்டாசியில் இயக்குவதற்கான இசைவாணை, ஐப்பசியில் பொங்கல் விற்பனைக்கான முதல் நூல். வாரியத்தின் ஆணை நம் கையில் இல்லாதது. எனவே “இந்த நாள் வாரியத்தின் ஆணையைப் பொறுத்தது” என்று அருகிலேயே எழுதிவிடுவது நேர்மை.

இனி மேலாளரின் அதிகாரம். சாசனம் எழுதுவோர் மிகுந்த தயக்கத்தோடு அணுகும் பகுதி இது. பலர் “தேவையான அதிகாரங்கள் வழங்கப்படுகின்றன” என்று எழுதித் தப்பிவிடுகிறார்கள். தேவை எது என்று சொல்லாத அதிகாரம் சச்சரவு வரும் நாளில் இல்லாததற்குச் சமம். நம் சங்கத்தின் வாசகம் இது:

“ஒப்புக்கொண்ட மதிப்பீட்டிற்குள், ஒரு செலவினத்திற்கு ரூ. 25,000 வரை, விதிப்படி விலைப்புள்ளி பெற்று மேலாளர் தாமே முடிவு செய்யலாம். சங்க ஊழியர் இருவரை வாரத்தில் மூன்று நாள் இப்பணிக்கு அழைக்கலாம். தரம் குறைந்த வேலையை நிறுத்தலாம். எல்லையை மாற்றவோ, ஒப்பந்தக்காரரை மாற்றவோ, மொத்தச் செலவை உயர்த்தவோ அவருக்கு அதிகாரமில்லை. ஒரு மைல்கல் பதினைந்து நாளுக்கு மேல் தவறுமென்று தெரிந்தால், மூன்று நாளுக்குள் புரவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.”

இதன் பயன் ஆனி மாதத்தில் தெரியும். தளம் போடும்போது, தொட்டியிலிருந்து சுத்திகரிப்புக் குழிக்குத் தண்ணீர் ஓடப் போதிய சரிவு இல்லை என்று தெரிகிறது. திருத்த ரூ. 18,000 ஆகும், எதிர்பாராச் செலவுக்கென மதிப்பீட்டில் ஒதுக்கிய தொகையில் இடமுண்டு. குழு கூட இன்னும் இருபத்து மூன்று நாள். சாசனத்தில் அந்த வாசகம் இல்லையென்றால் மேலாளர் காத்திருப்பார். கொத்தனார்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கூரை மழைக்குத் தள்ளிப் போகும். வாசகம் இருப்பதால் அன்றே முடிவு செய்து, மறுநாள் புரவலருக்குக் குறிப்பு அனுப்புகிறார்.

ஒரு வரம்பு உண்டு. சங்கத்தின் துணைவிதிகளுக்கு மேற்பட்ட அதிகாரத்தைச் சாசனம் தர முடியாது. காசோலையில் கையொப்பமிடும் உரிமை விதிப்படி யாருக்கு உண்டோ அவர்களிடமே இருக்கும். மேலாளர் முடிவு செய்வார், அவர்கள் பணம் கொடுப்பார்கள். இந்த அதிகாரப் பங்கீடு குழுத் தீர்மானமாகப் பதிவு பெறாவிடில், தணிக்கையின்போது ரூ. 18,000 ஆட்சேபணைக் குறிப்பாகத் திரும்பி வரும்.

சாசனம் நீண்டுவிட்டால், மதிப்பீடும் வேலைத் திட்டமும் அதில் புகுந்துவிட்டன என்று கொள்ளலாம். அவற்றைத் தனியே வைத்துக்கொள்க. மாற்றம் நேர்ந்தால் பழைய தாளில் அடித்துத் திருத்தாமல், புதிய தேதியிட்டுப் புரவலர் மீண்டும் கையொப்பமிட வேண்டும். கடைசி வரியில் சாசனம் முடியும் நாளையும் குறிக்க வேண்டும். இங்கே அது முதல் மாத உற்பத்திக் கணக்கைப் பார்த்துச் செயலாளர் சாயச்சாலையை ஏற்றுக்கொள்ளும் நாள். அன்றோடு மேலாளரின் ரூ. 25,000 அதிகாரமும் தீர்ந்துவிடுகிறது.