ஐந்து ரூபாய் தள்ளுபடியும் நூறு ரூபாய் கேஷ்பேக்கும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு நுழைவுச் சீட்டு வாங்கும் இந்தியர் ஒருவர் ரொக்கமாகக் கொடுத்தால் ரூ.40, கைப்பேசி வழியாகவோ அட்டை வழியாகவோ செலுத்தினால் ரூ.35. இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சில மாதங்களுக்கு முன் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் நாங்கள் ஐந்து பேர் அங்கே சென்றிருந்தோம். நானும் மனைவியும், தம்பியும் அவன் மனைவியும், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகளும். வாயிலில் இருந்த கியூ.ஆர். குறியீட்டைத் தம்பி மகள் வருடினாள். ரூ.200-க்குப் பதில் ரூ.175. இருபத்தைந்து ரூபாய் மிச்சம்.

அன்று மதியமே இன்னொரு 'மிச்சமும்' எங்களுக்குக் கிடைத்தது. கடற்கரைக்குச் செல்லும் தெருவில் ஒரு சிறு உணவகத்தில் சாப்பிட்டோம். சாப்பாடும் மீன் வறுவலுமாக ரூ.830 ஆகியிருந்தது. பணம் செலுத்தச் செயலியைத் திறந்த தம்பி மகள், "பெரியப்பா, 999 ரூபாய்க்கு மேல போனா நூறு ரூபாய் கேஷ்பேக் வருது. இன்னும் ஏதாவது சொல்லுங்க" என்றாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். இருந்தும் ரூ.220-க்கு ஓர் எறால் வறுவல் வந்தது. அதில் பாதி பொட்டலமாகி வீடு வந்து சேர்ந்தது. ரூ.1,050 செலுத்தியதும், நூறு ரூபாய் சேமித்துவிட்டதாகத் திரையில் பாராட்டு மின்னியது.

கணக்கைப் பார்ப்போம். நூறு ரூபாய் முழுதாகத் திரும்பி வந்தாலும் எங்கள் செலவு ரூ.950. எறால் இல்லாமல் எழுந்திருந்தால் ரூ.830. ஆக, சேமித்ததாகச் சொல்லப்பட்ட நாளில் ரூ.120 கூடுதலாகச் செலவழித்திருந்தோம். அந்த நூறும் பணமாக வரவில்லை. நான்கு 25 ரூபாய்க் கூப்பன்களாக வந்தது. ஒவ்வொன்றையும் ரூ.299-க்கு மேற்பட்ட கைப்பேசி ரீசார்ஜ் ஒன்றுக்குத்தான் பயன்படுத்தலாம். முப்பது நாளில் காலாவதி. தம்பி வீட்டில் அந்த மாதம் இரண்டு ரீசார்ஜ்தான் தேவைப்பட்டது. மற்ற இரண்டு கூப்பன்களும் வீணாயின. கைக்கு வந்தது ஐம்பது. கூடுதல் செலவு ரூ.170.

முதலிலேயே எறால் சாப்பிடும் ஆசையோடு உட்கார்ந்திருந்தால் இதே சலுகை எங்களுக்கு லாபமே. அதுபோல, ரசீது ரூ.950 ஆகியிருந்து, வரவேண்டிய நூறும் வங்கிக் கணக்கிலேயே வரும் என்றால், மேலும் ஐம்பது ரூபாய்க்கு ஒரு குளிர்பானம் வாங்கியிருப்பது புத்திசாலித்தனம். எல்லையைத் தொட இன்னும் எவ்வளவு செலவிட வேண்டும், திரும்பி வரும் தொகையில் நமக்கு உண்மையில் பயன்படுவது எவ்வளவு என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். எங்களுக்கு முதல் எண் 169. இரண்டாவது எண் 50. ஆனால், மேசையில் அமர்ந்திருக்கும்போது யாரும் கழித்தல் கணக்குப் போடுவதில்லை. இப்படிப்பட்ட எல்லைத்தொகையை வாடிக்கையாளரின் வழக்கமான ரசீதைவிடச் சற்று மேலே வைப்பதுதான் வணிக வழக்கம். மிக மேலே வைத்தால் யாரும் முயலமாட்டார்கள். கீழே வைத்தால் கூடுதலாக யாரும் வாங்கமாட்டார்கள்.

தொல்லியல் துறையின் ஐந்து ரூபாயில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எப்படியும் வாங்கப்போகும் சீட்டு. அதே இடத்தில், அப்போதே விலை குறைகிறது. ஐந்து பேருக்குப் பதில் ஏழு பேர் வந்தால் கூடுதல் பரிசு என்று அது சொல்வதில்லை.

இந்த வகைப் பரிசுகளில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. 2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் வந்து, அடுத்த ஆண்டு கூகுள் பே ஆன செயலி, பணம் அனுப்பியவர்களுக்குத் திரையில் தேய்த்துப் பார்க்கும் சுரண்டல் அட்டைகளைக் கொடுத்தது. சிலருக்குப் பணம் கிடைக்கும். பலருக்கு 'அடுத்த முறை முயலுங்கள்' என்று வரும். நாடெங்கும் மக்கள் ஆர்வத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தபோது, அதன் விதிமுறைகளில் தமிழ்நாட்டுப் பயனர்களுக்கு இது பொருந்தாது என்ற வரி இருந்தது. காரணமாகச் சுட்டப்பட்டது, தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. பொருள் வாங்குவோரில் சிலரைக் குலுக்கல் முறையிலோ வேறு எந்த முறையிலோ தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதாகச் சொல்லும் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் அது. கைப்பேசி என்ற ஒன்றை எண்ணிப் பார்க்காத காலத்தில், கடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரிகள் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு செயலியைத் தடுத்தன. அப்போது பெங்களூரில் இருந்த உறவினர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டது நினைவிருக்கிறது.

2003-இல் லாட்டரியையும் தடை செய்த மாநிலம் நம்முடையது. அதிர்ஷ்டத்தைக் காட்டி ஆசையைத் தூண்டும் வழியை நம் சட்டம் நன்றாகவே அடைத்திருக்கிறது. ஆனால், எங்கள் எறாலில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. 999 ரூபாய்க்கு மேல் செலுத்திய எல்லாருக்கும் நூறு ரூபாய்க் கூப்பன் உறுதி. உறுதியான பரிசு என்பதாலேயே அது குலுக்கல் ஆவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் ஏமாற்று உத்திகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. போலி அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது போன்றவை அதில் உண்டு. 'இன்னும் கொஞ்சம் வாங்கினால் பரிசு' என்பது அதிலும் இல்லை. இருக்கவும் முடியாது, அதில் பொய் எதுவும் இல்லையே!

இதே குடும்பத்தைச் சேர்ந்தது 'ஐந்து பரிவர்த்தனைகளில் இரண்டை முடித்துவிட்டீர்கள்' என்று வளரும் பச்சைக் கோடு. இதன் வலிமையைக் காட்டும் ஆய்வொன்றை 2006-இல் ஜோசப் நூன்ஸ், சேவியர் திரேஸ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் வெளியிட்டார்கள். கார் கழுவும் நிலையமொன்றில் பாதிப் பேருக்கு எட்டு முத்திரை நிரப்பினால் ஒருமுறை இலவசம் என்ற அட்டை தரப்பட்டது. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை அட்டை. ஆனால், இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. இருவருக்கும் தேவை எட்டு முறைதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள். இரண்டாவது வகையில் 34 சதவீதம். தொடங்கிவிட்டோம் என்ற எண்ணமே மனிதர்களை இழுத்துச் சென்றிருக்கிறது. தேநீர்க் கடையில் பன்னிரண்டு ரூபாயை இரண்டு முறையாகப் பிரித்து அனுப்பிக் கணக்கை முடிக்கும் இளைஞர்களை நான் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் பார்த்திருக்கிறேன். அதனால் நட்டமில்லை. ஐந்தாவது பரிவர்த்தனை 'குறைந்தது ரூ.500' என்று கேட்கும்போதுதான் நட்டம் தொடங்குகிறது.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? எங்களுக்குப் பரிமாறிய உணவகக்காரருக்கு ரூ.1,050 முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. யூ.பி.ஐ. வழியாக வரும் இத்தகைய பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள நடைமுறை. ஆக, நாம் பணம் அனுப்புவதால் மட்டும் செயலிக்குப் பெரிய வருமானம் இல்லை. விளம்பரம், காப்பீடு, ரீசார்ஜ் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் ஆகியவற்றில்தான் அது சம்பாதிக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் வங்கிக் கணக்கிலேயே விழுந்த கேஷ்பேக், மெல்ல மெல்லப் பிற நிறுவனங்களின் கூப்பனாகச் சுருங்கியதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். இன்று அந்தப் பரிசு பெரும்பாலும் இன்னொரு கடையின் விளம்பரம்.

பரிந்துரை ஊக்கத்தொகைக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். மத்திய அரசே இதைச் செய்தது. 2017 ஏப்ரல் 14 அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தில், பீம் செயலிக்குப் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் தலா பத்து ரூபாய். ஆனால், புதியவர் மூன்று வெவ்வேறு நபர்களோடு, மொத்தம் ரூ.50-க்காவது பரிவர்த்தனை செய்திருக்க வேண்டும். செயலியைப் பதிவிறக்குவது எளிது. மூன்று முறை பயன்படுத்திய கைக்கோ பழக்கம் வந்துவிடும் என்பதை அந்த நிபந்தனை அறிந்திருந்தது. தனியார் செயலிகள் தரும் நூறு ரூபாயும் அப்படியே. விளம்பரப் பலகைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, அதைவிட நம்பகமான ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். அந்த நம்பகமான ஆள் நாம்தான்.

திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் என் அத்தைக்கு அப்படி நம்பகமான ஆளாக நான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலியை அவர் கைப்பேசியில் நிறுவிக்கொடுத்து நூறு ரூபாய் பெற்றேன். பால் கணக்கு, மின் கட்டணம் என்று அவருக்கும் அது உதவியாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அதே திரையில் 'உங்களுக்கு ரூ.15,000 கடன் தயார், மாதம் ரூ.2,750 மட்டும், உடனே பெற்றால் ரூ.250 கேஷ்பேக்' என்று வந்திருக்கிறது. அத்தை பெற்றுக்கொண்டார். செயலாக்கக் கட்டணமும் வரியும் போக அவர் கணக்குக்கு வந்தது ரூ.14,646. ஆறு தவணைகளில் கட்ட வேண்டியது ரூ.16,500. குறைந்துகொண்டே வரும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. தெருவில் யாராவது இந்த வட்டியைச் சொல்லியிருந்தால் அத்தை வாசலோடு அனுப்பியிருப்பார்.

இத்தகைய கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கடன் கொடுப்பவர் எல்லாச் செலவுகளையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முதன்மைத் தகவல் அறிக்கையில் முன்கூட்டியே காட்ட வேண்டும். கடன் வாங்கியவர் மனம் மாறினால், அந்த அறிக்கையில் குறித்துள்ள மறுபரிசீலனைக் காலத்துக்குள் அசலையும் அந்தச் சில நாள்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். அத்தையின் கைப்பேசியில் அந்த அறிக்கை ஆங்கிலத்தில், பல பக்கங்களாக இருந்தது. நான் அதைப் படித்துப் பார்த்தபோது மூன்று தவணைகள் முடிந்திருந்தன.

"இருநூத்தம்பது ரூபாய் குடுத்தானேப்பா, நல்லவன்னு நெனச்சேன்" என்றார் அத்தை. அந்தச் செயலியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான் என்பதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. மீதி மூன்று தவணைகளை நான்தான் கட்டினேன்.