இருபது ரூபாய்க்கு ஒரு கடிதம்

நம் தெருமுனைத் தையல்காரர் லைனிங் வைத்த பிளவுஸுக்கு 400 ரூபாய் கூலி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணிக்கு 70, நூல், ஹூக்குக்கு 15, மிஷினில் தைப்பவருக்குப் பீஸ் கூலி 160, ஹெம்மிங், ஹூக் கட்டும் கைவேலைக்கு 25. ஆக 270 போய்விடுகிறது. மிச்சம் 130 ரூபாயில்தான் கடை வாடகை, கரண்ட் பில், அவர் அளவெடுத்து வெட்டுகிற உழைப்பு, வீட்டுச் செலவு எல்லாம்.

லைனிங் துணியில் ஐந்து ரூபாயும் பீஸ் கூலியில் பதினைந்து ரூபாயும் ஏறினால் மிச்சம் 110 ஆகிவிடும். நமக்கு வெறும் 5 சதவீதமாகத் தெரியும் இருபது ரூபாய், அவர் கையில் நிற்பதில் 15 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் இந்தச் சின்ன உயர்வைக்கூட அவரால் தள்ளிப்போட முடிவதில்லை.

துணி வாங்க வந்த இடத்தில் "இப்போ ரேட் ஏறிடுச்சுக்கா" என்று கேட்பதுதான் வாடிக்கையாளருக்கு வருத்தம். பணத்தைவிட, முன்னாலேயே சொல்லவில்லையே என்பதுதான் உறுத்தும். ஆகவே வருடக்கணக்காக வருபவர்களுக்கு முதலில் கடிதம் போக வேண்டும், சுவரில் போர்டு பிறகு மாட்டலாம். கல்யாண வேலை குறைந்திருக்கும் ஆடி மாதம் அதற்குத் தோதான நேரம். தீபாவளி நெருக்கத்தில் அனுப்பினால், வேறு கடை தேட வழியில்லாத சமயம் பார்த்து ஏற்றியதாகத் தோன்றும்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம். ஆவணி 1 முதல் லைனிங் பிளவுஸ் கூலி 400 ரூபாயிலிருந்து 420 ஆகிறது. சாதா பிளவுஸ் 200-லிருந்து 210. லைனிங் துணி விலையும் தைப்பவர்கள் கூலியும் கூடியதே காரணம். ஃபால்ஸ், பிக்கோ கூலியில் மாற்றமில்லை. ஆடிக்குள் துணி கொடுத்தவர்களுக்குப் பழைய கூலிதான்."

"சில சதவீதம் உயர்வு" என்று எழுதினால் வாசிப்பவர் கணக்குப் போட வேண்டியிருக்கும், சந்தேகமும் வரும். பழைய கூலி, புதிய கூலி இரண்டையும் ரூபாயில் சொல்வதே நேர்மை. காரணத்துக்கு ஒரு வரி போதும். வீட்டுக் கஷ்டத்தை விவரித்தால் வாடிக்கையாளருக்குத்தான் சங்கடம். எல்லாவற்றிலும் ஒரே 5 சதவீதத்தை ஏற்றுவதும் சரியல்ல. 650 ரூபாய் சுடிதாருக்கு 682.50 என்று வரும், சில்லறைக்கு யாரும் அலையக்கூடாது.

கடைசி வரிதான் சிக்கலானது. பழைய கூலி என்றதும் சிலர் ஐந்தாறு துணியோடு வருவார்கள். கைக்கு மீறி வாங்கிப் போட்டால் டெலிவரி தவறும். தைக்க முடிகிற அளவுக்கு மட்டும் அட்வான்ஸ் வாங்கி, பில் புத்தகத்தில் கூலியையும் தரும் தேதியையும் எழுதி, ஒரு துண்டு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆவணியில் துணி வாங்க வரும்போது கல்லாவில் இருப்பது தம்பியோ மகளோ யாராக இருந்தாலும், அந்தத் துண்டில் உள்ள 400-ஐத்தான் கேட்பார்கள்.